ஷட்டர் பக்கத்து மூட்டைகள்

நல்ல வெங்காய மூட்டைக்கு ஒரு சத்தம் உண்டு. தோளிலிருந்து இறக்கும்போது உள்ளே சருகோடு சருகு உரசும், காய்ந்த வாழையிலை மேல் பூனை நடப்பது போல. கெட ஆரம்பித்த மூட்டை சத்தம் போடாது. சும்மா உட்காரும். கடைசி பஸ்ஸை விட்டவர்கள் சிமென்ட் பெஞ்சில் உட்காருவது மாதிரி, மொத்தமாக.

இது தெரிந்திருந்தும் அந்த வருடம் நாங்கள் காதைக் கேட்காமல் தராசைக் கேட்டோம்.

அக்காவின் குடோன் கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் வரும். தகரக் கூரை. முன்னால் அகலமான ஷட்டர், பின்னால் ஒரு இரும்புக் கதவு. அத்தான் தவறிய பிறகு எல்லோரும் அதை விட்டுவிடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. ஏன் என்று கேட்டால், "வூட்டுல உக்காந்து இன்னா பண்றது" என்பாள், அத்தானின் சென்னைப் பேச்சில். நான் சிட்லபாக்கத்தில் இருக்கிறேன். எந்த வேலையிலும் மூன்றாவது தீபாவளி பார்க்காதவன். மத்தியானங்களில் சானடோரியத்தில் ரயிலேறி அவளிடம் போவேன். எடை பார்க்க அவளுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு, என்னைவிட மெதுவாக மாறுகிற எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

வெங்காயம் மெதுவாகத்தான் மாறும். அதுதான் அதன் சூது.

நாசிக் பக்கத்திலிருந்து ஆவணியில் எங்களிடம் வந்து இறங்குகிற வெங்காயம் சித்திரை, வைகாசியில் அறுவடையானது. அங்கே விவசாயியின் சேமிப்புப் பட்டறையில் கோடை, மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பாதி ஆயுளை முடித்துக்கொண்டு லாரி ஏறும். ஆனாலும் நாங்கள் அதன் வாரங்களை எங்கள் ஷட்டரிலிருந்துதான் எண்ணுவோம். முதல் இரண்டு மூன்று வாரம் பெரும்பாலும் எடைதான் இறங்கும். தண்ணீர் வற்றும், அவ்வளவுதான். பிறகு அழுகல் ஆரம்பிக்கும். கழுத்து தடித்ததும், இரட்டையாய்ப் பிளந்ததும், இறக்கும்போது அடிபட்டதும்தான் முதலில் போகும். சருகுக்கு அடியில் கரித்தூள் மாதிரி ஒரு கருப்பு, அப்புறம் ஈரம், அப்புறம் பக்கத்து வெங்காயம். கடைசியாக முளை. எங்கள் ஊர் வெயிலில் வெங்காயம் முளைக்கத் தயங்கும். ஐப்பசி மழை வந்து காற்று குளிர்ந்தால் தயக்கம் விட்டுப்போகும். ஒரு வாரத்துக்குள் பச்சை மூக்குகள். முளைத்ததை அன்றைக்கே ஏதாவது ஓட்டலுக்குத் தள்ளிவிடலாம். அழுகியதைத் தள்ள இடமில்லை, குப்பை வண்டிக்காரர்கூட முகம் சுளிப்பார்.

ஆகவே வெங்காயம் வைத்திருப்பவர் எல்லோரும் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இன்னும் இத்தனை வாரம் வைத்தால் எத்தனை நிற்கும்?

அத்தான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சரக்கு இறங்கியதும் நாலு மூட்டையைத் தனியாக ஷட்டர் பக்கம் நிறுத்துவார். சாம்பிள் மூட்டை. வாரம் ஒரு தடவை அதைத் தார்ப்பாயில் கொட்டி, அழுகலும் முளையும் பொறுக்கி, நல்லதை மறுபடி போட்டுக் கட்டி எடை போடுவார். ஐம்பது கிலோவுக்கு இத்தனை போயிற்று என்றால் குடோன் முழுக்க அதே விகிதம். எல்லா மூட்டையையும் வாராவாரம் கொட்ட முடியாது. கூலி ஒரு பக்கம் இருக்கட்டும், கொட்டக் கொட்டச் சருகு உரியும், உரிந்தது சீக்கிரம் கெடும். நாலு மூட்டை மற்றவற்றுக்காகப் பேசும். அத்தான் வழியை அக்கா எடுத்துக்கொண்டாள், அக்கா சொன்னதை நான் செய்தேன். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. போன வாரம் போனதோடு இந்த வாரம் போனதைச் சரியாகக் கூட்டினேன்.

அந்த வருடம் மகாராஷ்டிராவில் மழை நிற்கவில்லை. புது வெங்காயம் தாமதமாகும் என்று மார்க்கெட்டில் பேச்சு. அப்போதுதான் கீழ்க்கட்டளைக்காரர் வந்தார். அவர் அக்காவின் பெரிய வாடிக்கை. சொல்லப்போனால் பெரிய வாடிக்கை என்று சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம். கீழ்க்கட்டளையில் சமையல் கூடம் வைத்து ஹாஸ்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் மதியச் சாப்பாடு அனுப்புகிறவர். தலைமுடியில் எப்போதும் தாளித்த வாசனை.

"அக்கா, புதுசு வர்ற வரைக்கும் வாரம் நாப்பது மூட்டை எனக்கு வேணும்," என்றார். "ஏழு வாரம்னு வெச்சுக்கோங்க. உங்ககிட்ட நிக்கும்னா நான் வேற எடத்துல சொல்லி வெக்கல. நிக்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க. நடுவுல கைவிட்டீங்கன்னா அப்ப எவனும் எனக்குத் தரமாட்டான்."

"ஒரு நாள் குடுங்க தம்பி, பாத்துட்டு சொல்றேன்," என்றாள் அக்கா.

அவர் போன பிறகு அக்கா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குடோன் சொந்தக்காரர் அதை ஒரு பார்சல் கம்பெனிக்கு விடப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இவர் போனால் அக்கா சாவியைக் கொடுத்துவிடுவாள் என்பதும் தெரியும். "டேய், சாம்பிளைக் கொட்டு," என்றாள்.

கொட்டினேன். ஆறாவது வாரம். நாலு மூட்டையிலும் சேர்த்துப் பார்த்தால், தண்ணீர் வற்றியதையும் கூட்டி, மூட்டைக்கு நாலு கிலோ போயிருந்தது. வரப்போகிற மழைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும், அவர் கேட்ட ஏழு வாரமும் முடியும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்காது என்று வந்தது. கையிருப்பு முந்நூற்றைம்பது மூட்டைக்குப் பக்கம். வாரம் நாற்பது தாராளமாக நிற்கும்.

"நிக்குமா?"

"நிக்கும்."

"நல்லா பாத்தியா?"

"நீயே பாரேன்."

அவள் குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து இரண்டு விரலால் கழுத்தை அழுத்தினாள். கெட்டியாக இருந்தது. போனை எடுத்துச் சொல்லிவிட்டாள். பேசிவிட்டு வைத்தபோது, அத்தான் போனதிலிருந்து தோளில் தூக்கி வைத்திருந்த ஏதோ ஒன்றை ஒரு விரற்கடை இறக்கியது போல இருந்தது. டீ சொன்னாள். பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயில் இஞ்சி அதிகம். இரண்டு பேரும் அதைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டு குடித்தோம்.

மழை மூன்றாம் நாள் பிடித்தது. ஒரே ராத்திரியில் ரோடு காணாமல் போயிற்று. ஷட்டர் முன்னால் முழங்காலளவு தண்ணீர். உள்ளே வரவில்லை, அதற்கு மட்டும் குடோனைக் கொஞ்சம் மேடாகக் கட்டியவருக்கு நன்றி. கீழ்க்கட்டளைக்காரரின் முதல் நாற்பதை ஏற்ற வண்டி வந்தது. முன்பக்கம் வர முடியாமல் பின் சந்தில் போய் நின்றது. பின்பக்க இரும்புக் கதவு துருவேறியிருந்தது. நானும் லோடு அண்ணனும் சேர்ந்து உதைத்துத் திறந்தோம். லோடு அண்ணன் எங்களோடு பல வருடமாக இருப்பவர், ஊரப்பாக்கத்துக்காரர். சுமக்கும்போது மட்டும் பேசாதவர்.

எப்போதும் முன்னாலிருந்துதான் எடுப்போம். அன்றைக்கு முதல்முறையாகப் பின்னாலிருந்து எடுத்தோம்.

லோடு அண்ணன் மேல் மூட்டையை எடுத்து வைத்தார். இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதைத் தோளில் போட்டதும் நின்றார்.

"ம்மா," என்றார் அக்காவைப் பார்த்து. "இன்னா இது, முதுகெல்லாம் ஈரமாக்கீது."

"மழைத் தண்ணியா இருக்கும்ணா," என்றாள் அக்கா.

"மழைத் தண்ணி வழவழன்னு இருக்குமா? இந்தா மோந்து பாரு. ஒயின்ஷாப் பின்னாடி மாரி கீது."

அவர் மூட்டையை இறக்கி வைத்தார். அது சத்தம் போடவில்லை.

நான் வலையைக் கத்தியால் கீறினேன். மேலே நன்றாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டேன். விரல்கள் வெதுவெதுப்பான எதற்குள்ளோ இறங்கின. சேற்றில் கால் வைத்தால் உடம்பு முழுவதும் தெரியுமே, அப்படி. நடுவில் ஒன்று அழுகி, அதைச் சுற்றி ஏழெட்டு நனைந்து, அவற்றிலிருந்து இன்னும் வெளியே. ஓரத்தில் இருந்தவை முளைத்திருந்தன. அழுகலுக்கு நடுவே அந்தப் பச்சை மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. கொட்டிப் பொறுக்கி நல்லதை எடை போட்டோம். ஐம்பதில் முப்பத்தைந்து கிலோகூட இல்லை.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நடு வரிசையில ஒண்ணு எடுங்கண்ணா. அடியில ஒண்ணு. சுவத்துப் பக்கம் ஒண்ணு." லோடு அண்ணன் எடுத்தார். அந்த வருடம் சரக்கு அதிகம் என்று நடுவில் இரண்டு வரிசையை இடைவெளி விடாமல் சேர்த்து அடுக்கியிருந்தோம். நடை விட்டால் காற்று போகும், விடவில்லை. சுவர்ப் பக்கத்து மூட்டை பரவாயில்லை. நடு வரிசை மோசம். அடி மூட்டை மிக மோசம்.

"ஆனா சாம்பிள் நல்லா இருந்துச்சே," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிய ஆரம்பித்தது. அக்காவுக்கும் அதே நொடியில் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் திரும்பி ஷட்டரைப் பார்த்தோம். நாலு மூட்டைகளும் காற்றோட்டத்தில், சிவப்பு வலைக்குள், கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றிருந்தன.

வாராவாரம் நான் அவற்றிலிருந்து அழுகலைப் பொறுக்கி எறிந்திருந்தேன். எறியப்பட்ட அழுகல் பக்கத்து வெங்காயத்தைத் தொடவில்லை. மற்ற மூட்டைகளில் முதல் வாரம் கெட்ட வெங்காயம் ஆறு வாரமாக அங்கேயே உட்கார்ந்து அண்டை அயலாரைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் அளந்தது கவனிக்கப்பட்ட வெங்காயத்தை. விற்பதாகச் சொன்னதோ கவனிக்கப்படாததை.

"தினம் ஆஸ்பத்திரிக்குப் போற ஆளைப் பாத்துட்டு, தெருவுல எல்லாருக்கும் ஒடம்பு நல்லாருக்குன்னு சொல்லியிருக்கோம்," என்றாள் அக்கா.

"அத்தானும் இப்படித்தானே செஞ்சாரு?"

"அவரு மூணு வாரத்துல வித்துடுவாரு. மூணு வாரத்துல எது தெரியும்?" தலையில் ஒட்டிய சருகைத் தட்டிவிட்டாள். "வழி தப்பில்லடா. அதை இவ்ளோ தூரம் இழுத்தது தப்பு."

பின் சந்தில் டிரைவர் ஹாரன் அடித்தார். சுவர்ப் பக்கத்து மூட்டைகளிலிருந்து கொட்டிப் பொறுக்கி, ஒரு வழியாக நாற்பதைக் கட்டி ஏற்றினோம். முதல் வாரத்துக்குத் தப்பித்தாயிற்று. மிச்சம் ஆறு வாரம்.

அன்று சாயங்காலம் வேறு விதமாக எண்ணினோம். முன்னால், நடுவில், பின்னால், மேலே, அடியில் என்று பன்னிரண்டு மூட்டைகளை எடுத்துக் கொட்டினோம். இதுவரை திறக்காத மூட்டையாக இருக்க வேண்டும், கொட்டியதை மறுபடி அடுக்கில் சேர்க்கக் கூடாது, அன்றைக்கே விற்றுவிட வேண்டும் என்று அக்கா சொன்னாள். சராசரியாகக் கால் பங்குக்குப் பக்கம் போயிருந்தது. மழை இன்னும் இருக்கிறது, முளைப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. இந்த வேகத்தில் போனால் கடைசி வாரத்தில் பாதி நின்றால் அதிகம்.

"போனை எடுக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"அடுத்த வாரம் வரைக்கும் பாக்கலாமே. மழை விட்டா..."

"விட்டா கெட்டது நல்லதாயிடுமா?" குரலில் கோபமில்லை. கோபத்துக்கு வேண்டிய தெம்பே இல்லை. "இன்னிக்கு சொன்னா அவருக்கு வேற எடம் தேட ஒரு வாரமாவது இருக்கு. நாலாவது வாரம் சொன்னா அவரு அடுப்பு அணையும். அப்புறம் நம்ம மூஞ்சியில முழிக்கமாட்டாரு."

ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"தம்பி, நான் சொன்னது தப்பாயிடுச்சு. நாப்பது முடியாது. வாரம் இருபத்தஞ்சு தர்றேன், அது உறுதி. மிச்சத்துக்கு நீங்க இப்பவே வேற பாத்துக்கோங்க."

பாத்திரச் சத்தம் நின்றது. அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.

"போன வாரம்தானேக்கா நிக்கும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"என்ன ஆச்சு? மழைத் தண்ணி உள்ள வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஊரே மிதந்துகொண்டிருந்தது, யாரும் நம்பியிருப்பார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"இல்ல. நாங்க எண்ணுனது சரியில்ல," என்றாள்.

"பேஜார் பண்ணிட்டீங்கக்கா," என்றார், கிட்டத்தட்ட சிரிக்கிற குரலில். "சரி. பாக்கறேன்." வைத்துவிட்டார். பாக்கறேன் என்றால் என்ன என்று நாங்கள் இரண்டு நாள் யோசித்தோம்.

அந்த இரண்டு நாளும் யோசிக்க நேரமில்லை என்பதும் உண்மை. நந்திவரத்திலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள், பொறுக்க. குடோன் முழுவதையும் கொட்டினோம். தரையெல்லாம் ஊதாச் சருகு, நடந்தால் கணுக்காலில் ஒட்டியது. பெரிய விசிறிகள் இரண்டை வாடகைக்கு எடுத்துச் சுற்றவிட்டதில் சருகு பறந்து எல்லோர் தலையிலும் உட்கார்ந்தது. ஒரு அம்மாள் இன்னொருத்தியைப் பார்த்து, "இன்னாடி, ஜரிகை வெச்ச மாரி கீற," என்றாள். "என் புருசன் பாத்தா மறுபடி தாலி கட்டுவான்," என்றாள் மற்றவள். "நாத்தத்துக்கு கிட்டயே வரமாட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று பார்த்தால் தெரியாது. நல்லதை ஒரு பக்கம், முளைத்ததை ஒரு பக்கம், மற்றதை டிரம்மில். டிரம்முகள் நிறைந்துகொண்டே இருந்தன. லோடு அண்ணன் அவற்றைச் சுமக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் பேசாமல் சுமந்தார். பிறகு பலகை போட்டு, நடுவில் நடை விட்டு, ஐந்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் புதிதாக அடுக்கினோம். சரக்கு குறைந்துபோனதால் இடம் தாராளமாக இருந்தது. காற்றும் போயிற்று.

மூன்றாம் நாள் கீழ்க்கட்டளைக்காரர் போன் செய்தார். செங்கல்பட்டில் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டாராம், வாரம் பதினைந்து. எங்களிடம் இருபத்தைந்து. "ஆனா இனிமே மொத்தமா ஏழு வாரத்துக்குன்னு வேணாம்க்கா. வாராவாரம் எனக்குச் சொல்லுங்க, அடுத்த வாரம் எவ்ளோ நிக்கும்னு. அதை வெச்சு நான் பாத்துக்கறேன்."

"சரிங்க தம்பி," என்றாள் அக்கா. ஒரு வாடிக்கையை இழக்கவில்லை. ஆனால் ஒரு பருவத்துக்கு நம்பப்பட்டவள் ஒரு வாரத்துக்கு நம்பப்படுகிறவளாகிவிட்டாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து துடைப்பத்தை எடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், புதிதாக அடுக்கியதிலிருந்து திறக்காத மூட்டைகளாகப் பார்த்துக் கொட்டினேன். அடுக்கின் எந்தப் பக்கம் என்பதை அக்கா கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவாள். எட்டாவது வாரம். ஒன்பதாவது வாரம். அழுகல் எதிர்பார்த்ததில் பாதிதான் இருந்தது. முளை கொஞ்சம் அதிகம், ஆனாலும் சமாளிக்கிற அளவு. முதலில் எடையில் ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். அக்காதான் சொன்னாள், இப்போது குடோன் முழுக்கப் பொறுக்கப்பட்ட வெங்காயம், காற்றில் நிற்கிற வெங்காயம், அதனால் குறைவாகத்தான் கெடும் என்று. இந்த முறை எங்கள் கணக்கு மறுபக்கம் தவறிவிட்டது. குறைத்துச் சொல்லிவிட்டோம்.

புது வெங்காயம் வந்து இறங்கிய வாரம், எங்கள் அடுக்கில் ஐம்பது மூட்டைக்குப் பக்கம் நல்லதாக மிஞ்சியிருந்தது. கீழ்க்கட்டளைக்காரருக்கு அக்கா போன் செய்தாள்.

"செங்கல்பட்டுக்காரரு இருக்காரேக்கா. பேசிட்டு இப்ப வேணாம்னு சொல்லக்கூடாதில்ல."

"சொல்லக்கூடாது," என்றாள் அக்கா. "சரிதான்."

புதிது வந்தால் பழையதை யாரும் சீண்டமாட்டார்கள் என்பது எல்லா வருடமும் உள்ளதுதான். ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்கும் குட்டியானை வண்டிக்காரர்கள் இரண்டு பேரை அக்காவுக்குத் தெரியும். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் வந்து, ஒரு வெங்காயத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, "பழசா அக்கா?" என்றார்.

"பழசுதான். முளைக்கல, அழுகல. வேணும்னா அறுத்துப் பாரு."

அவர் அறுத்துப் பார்க்கவில்லை. லோடு அண்ணன் வழக்கம்போல் பேசாமல் ஏற்ற ஆரம்பித்தார். மூட்டைகள் வண்டிக்குள் விழும்போதெல்லாம் உள்ளே சருகு உரசிற்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா தரையில் சிதறிக் கிடந்ததைத் துடைப்பத்தால் ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த லோடு எப்பக்கா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"சொல்றேன்," என்றாள் அவள், நிமிராமல்.